சாமி முகத்தில் வெளிச்சம்: ஏழுக்கு ஒன்பது அடி பூஜை அறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருச்சியில் 1980களில் கட்டிய தனி வீடு. சமையலறைக்கு அடுத்தாற்போல், பின்கட்டில், மளிகைச் சாமானும் பழைய பாத்திரமும் அடைத்து வைத்திருந்த உள் அறை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்து, அம்மா பூஜை செய்யவும் மகள் விடியற்காலையில் தியானத்துக்கு உட்காரவும் ஏற்ற ஒரே அறையாக மாற்றித் தர வேண்டும் என்பது எனக்கு வந்த வேலை. அதுவரை அவர்களுடைய பூஜை கூடத்துச் சுவரில் பதித்த மர அலமாரியில் நடந்துவந்தது. தொலைக்காட்சிக்கு நேர் எதிரே அந்த அலமாரி.

அறையின் அளவு வடக்கு தெற்காக ஏழு அடி, கிழக்கு மேற்காக ஒன்பது அடி. கூரை பத்து அடி உயரத்தில். கிழக்குச் சுவரின் நடுவில் நான்கடி அகல ஜன்னல் ஒன்று, தரையிலிருந்து மூன்றடியில் தொடங்கி ஏழடியில் முடிகிறது. அதற்கு வெளியே கிணறும் தோட்டமும். கிழக்கே கட்டடம் ஏதும் மறைக்கவில்லை. மேற்குச் சுவரில் கதவு. கதவுக்கு மேலே ஏழடி உயரத்தில், சுவரிலிருந்து இரண்டடி நீட்டிய கான்கிரீட் பரண். தரை பழைய சிவப்பு ஆக்சைடு, வழவழப்பு போகாமல் நன்றாக இருந்தது. நடுவில் ஒரு மின்விசிறி, கதவுக்கு மேல் ஒரு இருபது வாட் எல்.இ.டி. டியூப்லைட்.

குடும்பத்தார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: கிழக்கு நோக்கி உட்கார வேண்டும். அப்படியானால் சாமி படங்கள் கிழக்குச் சுவரில்தான் வர வேண்டும், அங்கேதான் ஜன்னலும் இருக்கிறது. இந்த அறையின் முழுச் சிக்கலும் இந்த ஒரு முரணிலிருந்து பிறந்தது.

பின்னால் ஜன்னல் இருந்தால்

நான் பார்க்கப் போவதற்கு முன்பே, ஜன்னல் விளிம்பில் ஒரு பலகை போட்டு, அதில் வீட்டின் பெரிய தஞ்சாவூர் ஓவியத்தை வைத்துப் பார்த்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கு அம்மா சொன்னது இது: "சாமி முகம் தெரியவில்லையே, தம்பி. சட்டம்தான் தெரிகிறது."

அவர் சொன்னது சரி. கண் தன் பார்வைக்குள் இருக்கும் மிகப் பிரகாசமான பரப்புக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். படத்துக்குப் பின்னால் வெறும் வானம் இருந்தால், கண் வானத்துக்குத் தயாராகிறது, படம் கறுத்துப்போகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டி ஜன்னலை மட்டும் மறைத்துப் பாருங்கள். மறைத்த கணத்தில் படத்தின் முகம் தெளிந்தால், அந்த ஜன்னல் உங்களுக்கு வெளிச்சம் தரவில்லை, பார்வையைக் கெடுக்கிறது என்று அர்த்தம். அந்த அறையில் அம்மாவையே இதைச் செய்துபார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு என் விளக்கம் தேவைப்படவில்லை.

மகள் தன் கைப்பேசியில் ஒரு படம் வைத்திருந்தார். ஜப்பானிய கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ வடிவமைத்து, ஒசாகா அருகே இபராக்கியில் 1989இல் கட்டி முடித்த ஒளித் தேவாலயம். பலிபீடத்துக்குப் பின்னால் உள்ள கான்கிரீட் சுவரைச் சிலுவை வடிவத்தில் பிளந்திருப்பார்கள், வெளிச்சம் அந்தப் பிளவு வழியாக வரும். இப்படி ஒரு பிளவை இங்கேயும் விட முடியுமா என்று கேட்டார். மிக அழகான அறைதான் அது. ஆனால் அங்கே பார்க்க வேண்டியதே அந்த வெளிச்சம்தான். சிலுவையே ஒளியால் ஆனது, அதற்கு முன்னால் வேறு உருவம் நிற்கத் தேவையில்லை. நம் வீட்டில் முகமுள்ள ஓர் உருவம் இருக்கிறது. அதன் கண்ணைப் பார்த்துக் கும்பிடுகிறோம். உருவத்துக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திறப்பது அந்த முகத்தை அணைப்பதற்குச் சமம்.

ஜன்னலை அடைத்துவிட்டுக் கூரையில் ஓட்டை போட்டுக் கண்ணாடி வைக்கலாம் என்று மேஸ்திரி யோசனை சொன்னார். நம் ஊரில் அது அடிக்கடி நடக்கிறது, பெரும்பாலும் வருத்தத்தில் முடிகிறது. திருச்சி ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். மற்ற மாதங்களிலும் வெகு தூரம் விலகாது. எனவே கூரைக் கண்ணாடி வழியாக வருவது மென்மையான வானவெளிச்சமாக இருக்காது. தரையில் விழுந்து நகரும் சுடு சதுரமாகத்தான் இருக்கும். மின்விசிறி அதன் கீழே சுழன்றால் ஒவ்வொரு இறக்கையும் வெளிச்சத்தை வெட்டும், அறை முழுக்கத் துடிக்கும். பழைய கூரைத் தளத்தின் கம்பிகளை அறுப்பதற்குப் பொறியாளரின் ஒப்புதல் வேண்டும், ஐப்பசி மழைக்கு ஒழுகாமல் காக்கவும் வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் காலை ஆறரை மணிக்கு, அவர்கள் உட்காரும் நேரத்துக்கு, அதனால் பெரிய பயன் இல்லை.

உட்கார்ந்த கண்ணிலிருந்து அளப்பது

வெளிச்சத்தைத் தீர்ப்பதற்கு முன் உயரத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. ஏனென்றால் எந்த வெளிச்சம் கண்ணில் அடிக்கும், எது அடிக்காது என்பது கண் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வீட்டின் மற்ற அறைகளை நிற்கும் ஆளை வைத்து அளக்கிறோம். பூஜை அறையையும் அதே பழக்கத்தில் அளந்துவிடுவதால்தான் பல வீடுகளில் சாமி மேடை மூன்றரை, நான்கு அடி உயரத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது, கீழே அமர்பவர் கழுத்தை அண்ணாந்தே இருக்க வேண்டியிருக்கிறது.

மகளைச் சம்மணமிட்டு உட்காரச் சொல்லி டேப்பை வைத்தேன். கண் தரையிலிருந்து இரண்டரை அடியில் இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, நாற்காலியில்தான் அமர்வார். அவருடைய கண் மூன்றே முக்கால் அடியில். இருவருக்கும் இடையே ஒன்றேகால் அடி வித்தியாசம். ஓவியத்தின் முகத்தை யாருக்குப் பொருத்துவது?

இதற்கு விடை தூரத்தில் இருக்கிறது. ஐந்தடி தள்ளி உட்கார்ந்தால், முகம் கண்மட்டத்துக்கு அரை அடி மேலே இருப்பது ஆறு பாகை அளவே நிமிர வைக்கும், முக்கால் அடி கீழே இருப்பது எட்டு, ஒன்பது பாகை தாழ வைக்கும். இரண்டுமே கழுத்து அசையாமல் கண்ணாலேயே எட்டிவிடும் அளவு. ஆகவே முகத்தின் மையத்தை மூன்றடியில் வைத்தோம். மகள் சற்றே நிமிர்ந்து பார்க்கிறார், அம்மா சற்றே தாழ்ந்து பார்க்கிறார். இதே அறையில் மூன்றடி தூரத்தில் உட்கார வேண்டியிருந்தால் இந்தச் சமரசம் நடந்திருக்காது. சின்ன பூஜை அறைகளில் அகலத்தைவிட ஆழம்தான் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். நான்கடி ஆழமே உள்ள அறையில் இருவர் இரு உயரத்தில் அமர்ந்து ஒரே முகத்தை நிம்மதியாகப் பார்க்க முடியாது.

ஓவியத்தின் முகம் மூன்றடியில் என்றால், அதைத் தாங்கும் மேடை தரையிலிருந்து ஒன்றே முக்கால் அடியில் வந்தது. வழக்கத்தைவிடத் தாழ்வு. நின்று தீபாராதனை காட்டும்போது குனிய வேண்டியிருக்குமே என்று அம்மா தயங்கினார். உண்மைதான், சிறிது குனியத்தான் வேண்டும். ஆனால் ஆரத்தி ஒரு நிமிடம், அமர்ந்திருப்பது அரை மணி. அமர்ந்திருப்பதற்காகவே அளவை வைத்தோம்.

பரணை இடித்துவிடலாம் என்றார்கள். இருக்கட்டும் என்றேன். பத்து அடிக் கூரை, ஏழடி அகல அறைக்கு அதிகம். தரையில் அமர்பவருக்குக் கண்ணுக்கு மேல் ஏழரை அடி வெற்றிடம் நிற்கும், கிணற்றடியில் உட்கார்ந்த உணர்வு வரும். பொய்க்கூரை போட்டு முழு அறையையும் எட்டடிக்கு இறக்கினால் அந்த உணர்வு போகும், கூடவே புகை நிற்க இடமும் போகும். பரண் இருக்கும்போது, கதவைத் திறந்து ஏழடி உயரத்துக்குக் கீழே நுழைகிறோம், இரண்டடி தள்ளி அறை மேலே திறக்கிறது. உட்காருபவரின் முதுகும் தலையும் பரணின் விளிம்புக்குக் கீழே வருகின்றன. தலைக்கு மேல் அணைப்பு, எதிரே உயரம். இதற்காகப் புதிதாக எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை. பரணின் அடிப்பக்கத்தைச் சுவரின் நிறத்திலேயே பூசி, மேலே இருந்த சாமான்களை மட்டும் அப்புறப்படுத்தினோம்.

ஜன்னலை மறைத்து, வெளிச்சத்தை விடுவது

இப்போது ஜன்னலுக்கு வருவோம். அதை அடைக்கவில்லை. அதற்கு முன்னால் ஒன்றேகால் அடி இடைவெளி விட்டு, ஐந்தடி அகலம் ஏழடி உயரத்தில் ஒரு தனிச் சுவர் எழுப்பினோம். ஏ.ஏ.சி. எனப்படும் எடை குறைந்த கான்கிரீட் கல், நான்கு அங்குலம், இருபுறமும் பூச்சு. இதற்கு முன்னால்தான் மேடையும் ஓவியமும். சுவரின் இரு ஓரங்களிலும் ஓரடி திறப்பு, மேலே மூன்றடி திறப்பு. நான்கு அங்குலக் கனத்தில் ஏழடி உயரச் சுவர் தனியாக நிற்காது. அடியில் தரையோடு கம்பி முளைகளாலும், பாதி உயரத்தில் கிழக்குச் சுவரோடு இரண்டு இரும்புப் பட்டைகளாலும் கட்டிவைத்தோம். மறைப்புச் சுவர் கேட்பவர்கள் இந்தப் பட்டைகளை மறந்துவிடக் கூடாது.

காலை வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து மறைப்புச் சுவரின் முதுகில் விழுகிறது, அங்கிருந்து பக்கச் சுவர்களுக்குத் தெறிக்கிறது, பக்கச் சுவர்கள் ஒளிர்ந்து அறைக்குள் தருகின்றன. அமர்ந்திருப்பவர் பார்ப்பது ஓவியத்தின் இருபுறமும் ஒளிரும் இரண்டு சுவர்ப் பட்டைகளை மட்டுமே. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. ஓவியத்தின் முகத்துக்கு இரண்டு பக்கமிருந்தும் மெல்லிய ஒளி கிடைக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணமும் பசையும் கலந்து புடைப்பாக்கி மேலே தங்க ரேக்கு ஒட்டியிருப்பார்கள். நேரே டியூப்லைட் அடித்தால் அது தட்டையாக மஞ்சள் பூசியதுபோல் தெரியும். பக்கவாட்டு ஒளியில் ஒவ்வொரு புடைப்பும் தன் நிழலோடு எழுகிறது.

சுவரின் அகலம் ஐந்தடி என்று எப்படி முடிவாயிற்று? காகிதத்தில் கணக்கிட்டோம், பிறகு அறையிலேயே சோதித்தோம். மறைப்புச் சுவரிலிருந்து ஐந்தரை அடியில் அமர்பவர், நடுவில் அமர்ந்தாலும், ஒன்றரை அடி ஓரமாக நகர்ந்து அமர்ந்தாலும், சுவரின் விளிம்பைக் கடந்து அவர் பார்வை போகும் கோடு நான்கடி ஜன்னலின் சட்டத்தைத் தொடக் கூடாது. நான்கு தெர்மோகோல் பலகைகளை மூங்கிலில் கட்டி முழு அளவில் நிறுத்தி, அம்மாவை நாற்காலியிலும் மகளைப் பாயிலும் உட்கார வைத்துப் பார்த்தோம். ஐந்தடி அகலத்தில், ஓரமாக அமர்ந்தவருக்கும் ஜன்னல் கம்பி தெரியவில்லை. அரை நாள் வேலை, சில நூறு ரூபாய்ப் பொருள். கட்டிய பிறகு அரை அடி சேர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மறைப்புச் சுவரின் முதுகுப்பக்கத்தை மட்டும் வெளிர் மஞ்சளாகப் பூசினோம், மற்றெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. அந்த மஞ்சளை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் பக்கச் சுவர்களில் விழும் ஒளி இளஞ்சூடாக வருகிறது. இந்த உத்தி அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஸ்டீவன் ஹால் சியாட்டிலில் 1997இல் கட்டிய புனித இக்னேஷியஸ் சிற்றாலயத்தில் விரிவாகக் கையாண்டது. அங்கே தடுப்புகளின் பின்புறங்களில் அடர்ந்த நிறங்களைப் பூசி, அவற்றின் எதிரொளியை உள்ளே விட்டிருக்கிறார். வீட்டு அறைக்கு அடர் நிறம் ஆகாது, சாமியின் முகமே நிறம் மாறிவிடும். பூச்சு மினுமினுப்பில்லாததாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். பளபளக்கும் பெயின்ட் அடித்தால் பக்கச் சுவரிலேயே ஜன்னலின் பிம்பம் தெரியும், மறைத்த உழைப்பு வீணாகும்.

மார்கழிக் கீற்று

கணக்கில் ஒன்று எஞ்சியது. சூரியன் எப்போதும் நேர்கிழக்கில் உதிப்பதில்லை. திருச்சியில் ஜூன் கடைசியில் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே, டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே போகிறது. ஜூனில் சிக்கல் இல்லை. அப்போது சூரியன் ஏறும்போது பக்கவாட்டில் அதிகம் நகர்வதில்லை, கதிர் மறைப்புச் சுவரின் விளிம்போடு நின்றுவிடுகிறது. டிசம்பரில் அது ஏற ஏறத் தெற்கே சரிகிறது. காலை எட்டு மணிக்கு நேர்கிழக்கிலிருந்து சுமார் 30 பாகை விலகியிருக்கும். அந்தக் கோணத்தில் ஜன்னலின் வடக்கு ஓரமாக நுழையும் கதிர், மறைப்புச் சுவரைத் தாண்டி, மேடைக்குப் பக்கத்தில் வடக்குச் சுவரில் நான்கைந்து அங்குல அகலக் கீற்றாக விழும்.

வடக்கு ஓரத்தில் அரை அடி கூட்டினால் அதை நிறுத்திவிடலாம். நிறுத்தவா என்று அம்மாவிடம் கேட்டேன், எந்த மாதத்தில், எந்த இடத்தில் விழும் என்பதைச் சுவரில் சுண்ணக்கட்டியால் வரைந்தும் காட்டினேன். "மார்கழியில்தானே வரும்? அது வரட்டும்" என்றார். ஓவியத்திலோ கண்ணிலோ அது படாது, மகள் தியானத்தை முடித்து எழுந்த பிறகுதான் வரும் என்பதால் எனக்கும் சம்மதம். இப்போது நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை அந்தக் கீற்று வருகிறது, தை பிறந்து சில வாரங்களில் மெலிந்து மறைகிறது.

விளக்கும் மின்விளக்கும்

பழைய டியூப்லைட்டைக் கழற்றியதில் வீட்டில் சிறு வாக்குவாதம் எழுந்தது. இருட்டாகிவிடும் என்றார்கள். ஒரு மெழுகுவத்திச் சுடர் ஒரு மீட்டர் தள்ளி ஏறத்தாழ ஒரு லக்ஸ் வெளிச்சம் தரும், ஓரடி தள்ளி பத்து லக்ஸ் போல் தரும். எண்ணெய் விளக்கின் ஒரு திரியும் அதை ஒட்டியதே. இருபது வாட் டியூப்லைட் இந்தச் சின்ன அறையில் நூறிலிருந்து இருநூறு லக்ஸ் வரை கொட்டும். அதன் கீழே குத்துவிளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் சாமி முகத்தில் மாற்றம் தெரியாது. கோயில் கருவறையில் ஆரத்தித் தட்டு உயரும்போது முகம் எழுந்து வருவது, அங்கே வேறு வெளிச்சம் இல்லாததால்தான்.

எனவே மறைப்புச் சுவரின் பின்விளிம்புகளில், பக்கச் சுவரைப் பார்த்தபடி, மொத்தம் மூன்று வாட் அளவில், இளமஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் எல்.இ.டி. பட்டை ஒட்டினோம், குறைத்துக்கொள்ளும் வசதியோடு. பகலில் வெளிச்சம் எந்த ஓரத்திலிருந்து வருகிறதோ, விடியலுக்கு முன்னும் இரவிலும் அதே ஓரத்திலிருந்து வருகிறது. இருபது லக்ஸ் அளவில் நின்றால் கால் தடுக்காமல் நடக்கலாம், விளக்கின் பத்து லக்ஸும் முகத்தில் தெரியும். கூடத்துப் பிரகாசத்திலிருந்து நேரே வந்தால் முதல் ஓரிரு நிமிடங்கள் மங்கலாகத்தான் இருக்கும், பிறகு கண் பழகிவிடும். ஸ்தோத்திரப் புத்தகம் படிக்க மட்டும் இது போதாது. அதற்காக அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், புத்தகத்தின்மேல் மட்டும் விழும் சிறு விளக்கு ஒன்று இருக்கிறது.

நடு விசிறியை எடுத்துவிட்டோம். சுடரை அது நிற்க விடாது, சத்தமும் போடும். தெற்குச் சுவரில் அமரும் இடத்துக்கு நேராக ஒரு சிறிய சுவர் விசிறி இருக்கிறது, விளக்கு எரியும்போது நிறுத்திவைக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்குமேல் அந்த அறையில் உட்கார முடியாது. இந்த அறையின் எல்லை அது. விளக்குப் புகையும் கற்பூரப் புகையும் மறைப்புச் சுவருக்கு மேலுள்ள மூன்றடித் திறப்பு வழியாகப் பின்பக்கம் போய், ஜன்னலுக்கு மேலே புதிதாக விட்ட காற்றுப்போக்கி வழியாக வெளியேறுகிறது. ஜன்னலைத் திறந்தால் ஓரத் திறப்புகளில் காற்று இழுத்துச் சுடர் சாய்ந்ததால், ஜன்னலின் கதவுகளைப் பூஜை நேரத்தில் மூடி, காற்றுப்போக்கியை மட்டும் திறந்து வைப்பது பழக்கமாகியிருக்கிறது. எல்.இ.டி. ஜன்னலுக்கு அருகில் இருப்பதால் மாலையில் பூச்சி கூடும், கொசுவலைச் சட்டம் கட்டாயம்.

சத்தத்துக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வெறும் சுவர்களுக்கு நடுவே கைதட்டினால் உலோகம் போல் எதிரொலித்தது. தடித்த பவானி ஜமுக்காளமும், அமர்பவருக்குப் பின்னால் உள்ள சுவரில் புத்தக அலமாரியும் வந்ததும் அது அடங்கியது. கதவின் அடியில் இருந்த அரை அங்குல இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினோம், சமையலறை மிக்ஸி ஓசை பாதியாகக் குறைந்தது.

மறைப்புச் சுவருக்குப் பின்னால் ஒட்டடை சேர்கிறது. ஓரடித் திறப்பில் பெரியவர்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும். நீண்ட கைப்பிடி ஒட்டடைக் கம்பால் வாரம் ஒருமுறை இழுக்கிறார்கள். தூசு படிந்தால் மஞ்சள் பூச்சின் எதிரொளி மங்கும் என்பதால் அந்த முதுகுப்பக்கத்தை மட்டும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுச் சுவர் மூன்றடியில் நிற்கும் மனைகளில் இந்த மறைப்புச் சுவர் வேலை செய்யாது, வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது தின்றுவிடும். அங்கே ஜன்னலைப் படத்துக்குப் பக்கச் சுவருக்கு மாற்றி, அமர்பவரின் பார்வைக்கு முன்னால் ஓரடி அகலத் தடுப்பு ஒன்றை நிறுத்தினால் போதும். அடுக்குமாடி வீடுகளில் ஜன்னலே இல்லாத நான்குக்கு ஐந்தடி மூலைதான் கிடைக்கும். அங்கும் படத்தை முன்சுவரிலிருந்து நான்கு அங்குலம் முன்னால் தள்ளிய ஒரு பலகையில் வைத்து, பலகையின் பின்விளிம்பில் மங்கலான எல்.இ.டி. பட்டை ஒட்டலாம். ஆழம் குறைவாக இருப்பதால், அமர்பவர் ஒருவரின் கண்மட்டத்தை மட்டும் தேர்ந்து அதற்கு அளக்க வேண்டியிருக்கும். அந்த வீட்டில் அதிக நேரம் யார் அமர்கிறாரோ, அவருடைய கண்.